வீட்டுக்கே சாமான்: எத்தனை ரூபாவிலிருந்து, எந்த நேரம், எந்த ஊர் வரை?



சாய்ந்தமருதில் உள்ள எங்கள் குடும்பக் கடையில் இணையத்தில் ஓடர் எடுக்கத் தொடங்கப் போகிறோம் என்றதும் பலர் கேட்டது, "1500 ரூபாவுக்குக் குறைந்தால் ஏன் காசு எடுக்கிறீங்க?" என்பதுதான். அந்தக் கணக்கைத் திறந்து வைக்கிறோம். கடை வைத்திருக்கும் வேறு சகோதரர்களுக்கும் உதவலாம்.

முதலில் எல்லை. கடையை நடுவில் வைத்து 5 கிலோமீற்றருக்கு வட்டம் போடுவதுதான் பலரும் செய்வது. எங்கள் ஊரில் அந்த வட்டத்தின் கிழக்குப் பாதி கடலில் விழும், மேற்கில் பெரும்பகுதி வயலில் விழும். நாம் வாழ்வது பிரதான வீதியை ஒட்டிய நீளமான பட்டியில். ஆகவே வட்டத்தை விட்டுவிட்டு, பயண நேரத்தை வைத்து மூன்று பகுதியாகப் பிரித்தோம். எங்கள் மஹல்லா ஒன்று. சாய்ந்தமருதின் மற்றப் பகுதிகள், மாளிகைக்காடு, கல்முனைக்குடி இரண்டாவது. காரைதீவு, நிந்தவூர் மூன்றாவது. தபால் குறியீட்டால் ஊருக்குள் தெருவைப் பிரிக்க முடியாது, வீட்டு இலக்கமும் பல இடங்களில் வரிசையாக இல்லை. அதனால் முகவரிப் படிவத்தில் "அருகிலுள்ள பள்ளிவாசல், பாடசாலை அல்லது கடை" என்ற இடத்தை நிரப்பாமல் ஓடர் போகாது.

அடுத்தது நேரம். காலை 10.30 முதல் 12.15 வரை, மாலை அஸருக்குப் பிறகு 4.00 முதல் 5.45 வரை என்று இரண்டு சுற்று. பாடசாலை விடும் 1.30 மணி நெரிசலும் லுஹர், மஃரிப் நேரங்களும் வெளியே நிற்கின்றன. வெள்ளிக்கிழமை காலைச் சுற்று 9.30க்குத் தொடங்கி 11.15க்கு முடியும். நோன்பு காலத்தில் மாலைச் சுற்றை 2.30க்கு முன்னெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இஃப்தாருக்கு வாங்கிய சாமான், சமைக்க நேரம் இல்லாமல் வீட்டுக்கு வந்து சேரும்.

ஒரு சுற்றுக்கு எத்தனை வீடு? ஒரு வாரம் தொலைபேசியில் வந்த ஓடர்களைக் கொப்பியில் நேரம் குறித்து ஓடிப் பார்த்தோம். கேற்றில் கூப்பிட்டு, சாமானை எண்ணிக் கொடுத்து, மிச்சக் காசு கொடுத்து அடுத்த வீட்டுக்குப் போக 13 நிமிடம் சராசரி. 105 நிமிடத்தில் 8 வீடு. அதற்கு மேல் ஓடர் எடுத்தால் கடைசி வீட்டுக்காரருக்கு நாம் சொன்ன நேரம் பொய்யாகிவிடும். எட்டு நிறைந்ததும் அந்தச் சுற்று தளத்தில் மூடப்படும். 25 கிலோ அரிசி மூட்டை மட்டும் இந்த எண்ணிக்கையில் சேராது. மூன்று மூட்டை வந்தாலே மோட்டார் சைக்கிள் நிறைந்துவிடும். ஆகவே மூட்டைகள் தனியாக ஆட்டோவில் போகும்.

இப்போது 1500 ரூபா. ஒரு சுற்றுக்குப் பையனின் கூலி 500, பெற்றோல் 140, மொத்தம் 640 ரூபா. எட்டு வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 80. பொதி செய்ய, பைக்கு 40. ஆக 120. சீனி, பருப்பு, பால்மாவில் இலாபம் மிகக் குறைவு. எல்லாம் கலந்த கூடையில் எங்களுக்கு நூற்றுக்குச் சுமார் 8 ரூபா நிற்கிறது. 1500 ரூபாவில் 120. கையில் எதுவும் மிஞ்சாது, நட்டமும் இல்லை. அதே சுற்றில் மூன்று வீடு மட்டும் என்றால் வீட்டுக்கான செலவு 253 ரூபாவாகிவிடும். அப்போது 2000 ரூபா ஓடரிலும் 93 ரூபா கையிலிருந்து போகும். ஆக, தொகையை விடச் சுற்று நிறைவதுதான் முக்கியம். அதனால்தான் நினைத்த நேரத்துக்குக் கொண்டு வருவதில்லை. நிந்தவூர்ப் பக்கம் வாரத்தில் இரண்டு நாள் மட்டும், 3000 ரூபாவிலிருந்து.

ஆனால் 1500க்குக் குறைந்த ஓடரை மறுக்க வேண்டியதில்லை. 500 ரூபா ஓடரில் இலாபம் 40, டிலிவரிக் காசு 100, சேர்த்து 140. நிறைந்த சுற்றில் அது தன் செலவைத் தானே தாங்கும். ஆகவே 1500 என்பது இலவசமாகக் கொண்டு வருவதற்கான எல்லை மட்டுமே.

இதிலும் ஒரு பிரச்சினை மிஞ்சியது. இத்தா இருக்கும் சகோதரிக்கு நான்கு மாதம் பத்து நாள் கடைக்கு வர முடியாது. அவரிடம் பெரிய கூடை வாங்கக் காசும் இருக்காது. டிலிவரி யாருக்கு மிக அவசியமோ அவர்களிடமே நூறு ரூபா கூடுதலாக எடுப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் மஹல்லாவுக்குள் அஸருக்குப் பிறகு மருமகன் சைக்கிளில் கொண்டு கொடுப்பார். அதற்குக் குறைந்த தொகையும் இல்லை, காசும் இல்லை. வெளியே உள்ள மஹல்லாக்களில் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து ஒரே ஓடராகப் போட்டால் பில்லை இரண்டாகப் பிரித்துத் தருவோம்.

இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் தொடங்குகிறோம். உங்கள் வீட்டில் அல்லது பக்கத்தில் இப்படி யாராவது இருந்தால் பெயரைப் பின்னூட்டத்தில் எழுத வேண்டாம். கடைக்கு வந்து காதோடு சொல்லுங்கள்.