கடலை என்னும் சொல்லும் ஒரு கிண்ணம் மொச்சையும்

பெங்களூரில் முதுகலை பயிலும் அந்த மாணவர் 60 கிலோ எடையினர்; வாரம் ஐந்து நாள் கப்பன் பூங்காவில் ஓடுபவர். பாலும் முட்டையும் சிறுவயது முதலே அவருக்கு ஒவ்வாதவை. வேர்க்கடலை பட்டால் உதடு தடிக்கும். சென்ற ஆண்டு எடுத்த இரத்தப் பரிசோதனையில் துவரை, கொண்டைக்கடலை, மொச்சை ஆகியவற்றுக்கும் எதிர்பொருள் இருப்பதாக வந்தது. அன்றே பருப்பு வகைகளை அடியோடு நிறுத்தினார். களியும் சோறும் மட்டும் எஞ்சின. மூன்று மாதத்தில் நான்கு கிலோ இறங்கியது. ஓடிய களைப்பு மறுநாளும் தீரவில்லை.

ஒவ்வாமை மருத்துவர் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: “முன்பு சுண்டல் சாப்பிட்டபோது ஏதாவது செய்ததா?” ஒருபோதும் இல்லை. வேர்க்கடலையும் பயறுகளும் ஒரே தாவரக் குடும்பம்; அவற்றின் புரதங்கள் ஒத்திருப்பதால் பரிசோதனை ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடக்கூடும். பெங்களூரிலும் மைசூரிலும் பெரியவர்களிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு ஏதேனும் ஓர் உணவுக்கு எதிர்பொருள் இருந்தது. உண்மையான ஒவ்வாமை இருக்கக்கூடியவர் நூற்றுக்கு ஒருவர் அளவே. ஆகவே பயறுகள் மருத்துவர் கண்ணெதிரே சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்க்கப்பட்டன. ஒன்றும் நேரவில்லை. (வீட்டில் தனியே செய்து பார்க்கும் சோதனையன்று இது.)

அவர் இழந்திருந்தது வெறும் புரத அளவையன்று, லைசின் என்னும் அமினோ அமிலத்தை. அதன் தேவை பழைய கணக்கைவிட மிகுதி என்று நிறுவியதில் இதே நகரின் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வுகளுக்குப் பெரும் பங்குண்டு. 1985இல் கிலோவுக்கு 12 மில்லிகிராம் என்றிருந்த அளவை உலக சுகாதார நிறுவனம் 2007இல் 30 ஆக உயர்த்தியது. அவருக்கு நாளொன்றுக்கு 1800 மில்லிகிராம். இரண்டு உருண்டைக் களிக்கான 150 கிராம் கேழ்வரகு மாவில் கிடைப்பது 300 அளவே. அரை லிட்டர் பாலில் 1200க்குச் சற்று மேல். உலர்ந்த மொச்சையோ துவரையோ 75 கிராமில் ஏறக்குறைய அதே அளவு. பயற்றுப் புரதம் சற்றுக் குறைவாகவே செரிப்பதால் 90 கிராம் என்று கொள்வது நல்லது. வேர்க்கடலையில் லைசின் குறைவு. அதை விட்டதால் பெரிய நட்டமில்லை.

வெந்தால் 90 கிராம் பருப்பு பெரிய கிண்ணமாகிவிடும். ஓட்டத்துக்கு முன் அதை உண்டால் வயிறு உப்பும். அவர் அதை மூன்றாகப் பகுத்து, பெரும்பங்கை ஓடி வந்த பின் வைத்துக்கொண்டார். மார்கழிப் பருவத்தில் தோலுரித்த பிதுக்கு மொச்சை எளிதில் செரித்தது.

இன்னொரு இடர் சொல்லில் இருந்தது. தமிழில் ‘கடலை’ கொண்டைக்கடலையும் ஆகும், வேர்க்கடலையும் ஆகும். கன்னடத்தில் ‘கடலெ’ கொண்டைக்கடலை, ‘கடலெக்காயி’ வேர்க்கடலை, வடகர்நாடகத்தார் ‘ஶேங்கா’ என்பர். விடுதிச் சமையற்காரரிடம் “சட்னியில் கடலெ உண்டா?” என்று அவர் கேட்க, “இல்லை” என்று வந்த விடை உண்மையே, அரைத்திருந்தது வேர்க்கடலை. உதடு தடித்த அன்று முதல் இரண்டு பெயரையும் சொல்லியே கேட்கிறார்.