நிரூபிக்கப்படாத ஒரு முறையை ஏன் நம்புகிறோம்: பொல்லார்டின் ‘ரோ’ குறித்து

கோடை விடுமுறையில் முதலமடைக்குச் சென்றிருந்தபோது, தமிழ்வழியில் பயிலும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் சிலருக்கு ஒரு காரணிப்படுத்தல் முறையைக் கற்பிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. காகிதமும் எழுதுகோலும் மட்டுமே கருவிகள். அவர்களுள் ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு அன்று என்னால் பாதி விடைதான் கூற முடிந்தது. மீதிப் பாதியை இத்துறையில் இதுவரை எவரும் தந்ததில்லை. கேள்வியைப் புரிந்துகொள்ள முறையை முதலில் அறிய வேண்டும் என்பதால், அங்கு விளக்கிய வரிசையிலேயே இங்கும் எழுதுகிறேன்.

தொடக்கத்திற்கு நான் எடுத்துக்கொண்டது மகாராட்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகரின் விளையாட்டு. அவருடைய 6174 என்னும் நான்கிலக்க எண்ணைப் பலரும் அறிவர். அதையே ஈரிலக்க எண்களில் செய்துபாருங்கள். ஓர் எண்ணின் இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் எழுதி, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். 35இல் தொடங்கினால் 53 − 35 = 18; அடுத்து 81 − 18 = 63; பிறகு 27, 45, 09, 81, மீண்டும் 63. முதலில் வந்த 35, 18 ஆகிய இரண்டும் திரும்பி வருவதில்லை. 63 முதல் 81 வரையிலான ஐந்தும் முடிவின்றிச் சுழல்கின்றன. முடிவுறு எண்ணிக்கையிலான மதிப்புகளுக்குள் ஒரே விதியைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் இவ்வாறு ஒரு வாலும் ஒரு வளையமும் தோன்றியே தீரும். வாலைக் கீழேயும் வளையத்தை மேலேயும் வரைந்தால் கிரேக்க எழுத்தான ρ கிடைக்கிறது. ஜான் பொல்லார்டு 1975இல் வெளியிட்ட முறைக்கு ‘ரோ’ என்ற பெயர் வந்தது இந்த வடிவத்தால்தான்.

இனிக் காரணிப்படுத்தலுக்கு வருவோம். ஆர்.எஸ்.ஏ. மறையாக்கத்தைக் கற்பிக்கும்போது பலர் கையாளும் சிறிய எண்ணான 3233ஐ எடுத்துக்கொண்டோம். விதி மிக எளியது: இப்போதுள்ள எண்ணை வர்க்கப்படுத்தி, ஒன்றைக் கூட்டி, 3233ஆல் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். 2இல் தொடங்கினால் தொடர் இவ்வாறு செல்கிறது:

2, 5, 26, 677, 2477, 2529, 968, 2688, 2823, 3218, 226, 2582, 279, …

பார்வைக்கு ஒழுங்கற்ற தொடர். ஆயினும் இதில் தற்செயல் எதுவுமில்லை. யார் எப்போது செய்தாலும் இதே எண்கள்தாம் வரும். இதனால்தான் இதைப் போலிச் சமவாய்ப்புத் தொடர் என்கிறோம்.

இந்தத் தொடருக்குள் நம் கண்ணுக்குப் படாத இன்னொரு தொடர் ஓடுகிறது. 3233இன் பகாக் காரணி ஒன்றை p என்போம். மேலுள்ள ஒவ்வோர் எண்ணையும் pஆல் வகுத்து மீதியை எழுதினால், அம்மீதிகளும் அதே விதியைப் பின்பற்றும். ஆனால் அவற்றுக்கு இருக்கும் இடம் p மதிப்புகள் மட்டுமே. எனவே பெரிய தொடர் சுழலத் தொடங்குவதற்கு நெடுநேரம் முன்பே இந்த நிழல்தொடர் தன் வளையத்தில் விழுந்துவிடும். நமக்கு p தெரியாதாகையால் நிழலைக் காண முடியாது. ஆயினும் நிழலில் இரண்டு இடங்கள் ஒன்றாகிவிட்டால், பெரிய தொடரில் அவ்விரண்டு எண்களின் வித்தியாசத்தை p மீதியின்றி வகுக்கும். வித்தியாசத்துக்கும் 3233க்கும் மீப்பெரு பொதுக் காரணி எடுத்தால் p வெளிப்படும். யூக்ளிடின் வழிமுறை அதைச் சில வரிகளில் தந்துவிடுகிறது.

எந்த இரண்டு எண்களை ஒப்பிடுவது என்பதே அடுத்த சிக்கல். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் முறையின் பயன் போய்விடும். இங்கே ஃபிளாய்டின் சுழற்சி கண்டறிதல் உதவுகிறது. கோயில் பிராகாரத்தை இருவர் ஒரே திசையில் வலம் வருகிறார்கள் என்று கொள்ளுங்கள். ஒருவர் ஓரடி வைக்கும் நேரத்தில் மற்றவர் இரண்டடி வைக்கிறார். இருவரும் பிராகாரத்துக்குள் நுழைந்தபின் ஒவ்வொரு கணமும் இடைவெளி ஓரடியாகக் குறையும். ஆகவே விரைபவர் மற்றவரைத் தாண்டிக் குதித்துவிட முடியாது, சந்தித்தே ஆக வேண்டும். தொடரிலும் iஆம் உறுப்பை 2iஆம் உறுப்போடு மட்டும் ஒப்பிட்டால் போதும். பழைய உறுப்புகளைச் சேமித்துவைக்கத் தேவையில்லை.

தொடக்க எண்ணான 2ஐச் சுழியாம் உறுப்பாகக் கொண்டு எண்ணுவோம். முதல் ஐந்து ஒப்பீடுகளில் வித்தியாசங்கள் 21, 2451, 291, 346, 2303. ஐந்துக்கும் 3233உடன் பொதுக் காரணி 1 மட்டுமே. ஆறாவதில் 968ஐ 279உடன் ஒப்பிடுகிறோம், வித்தியாசம் 689. யூக்ளிடின்படி 3233ஐ 689ஆல் வகுத்தால் மீதி 477. 689ஐ 477ஆல் வகுத்தால் 212. 477ஐ 212ஆல் வகுத்தால் 53. 212ஐ 53 மீதியின்றி வகுக்கிறது. விடை 53. எஞ்சியது 61. பெரிய தொடரில் அதுவரை ஓர் எண்கூடத் திரும்ப வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 53இன் நிழலில் மட்டும் 38, 14, 38, 14 என்று ஊசலாட்டம் முன்பே தொடங்கிவிட்டது.

முழு முறையும் சில வரிகளுக்குள் அடங்கும்:

```
from math import gcd
def rho(n, x0=2, c=1):
    x = y = x0
    d = 1
    while d == 1:
        x = (x*x + c) % n
        y = (y*y + c) % n
        y = (y*y + c) % n
        d = gcd(x - y, n)
    return d
```

இம்முறை தோற்பதும் உண்டு. தோல்வியை அடையாளம் காண்பது எளிது. 61க்குப் பதில் 59ஐ வைத்து 3127ஐக் கொடுத்தால், `rho(3127)` அதே 3127ஐயே திருப்பித் தருகிறது. 53இன் நிழலில் வளையத்தின் நீளம் 2, 59இன் நிழலில் 3. இரண்டிலும் சந்திப்பு அதே ஆறாவது ஒப்பீட்டில் நிகழ்ந்துவிடுவதால் வித்தியாசம் சுழியாகிறது; காரணிகள் பிரியவில்லை. மருந்து எளிது: தொடக்க எண்ணை 3 ஆக்கி `rho(3127, 3)` என்று இயக்கினால் 53 கிடைக்கிறது. கூட்டும் மாறிலியையும் மாற்றலாம். 0, −2 ஆகிய இரண்டை மட்டும் தவிர்க்க வேண்டும். அவற்றில் தொடர் தற்செயல்போலக் கலைவதில்லை. x² − 2 என்ற விதியில் 2இல் தொடங்கினால் என்றைக்கும் 2தான்.

இந்த இடத்தில்தான் அம்மாணவி கேட்டாள்: “அண்ணா, எத்தனை படிகளில் முடியும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?”

வழக்கமான விடையைச் சொன்னேன். ஒரு கூட்டத்தில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமைய 365 பேர் வேண்டியதில்லை, 23 பேர் இருந்தாலே பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. அதே கணக்கின்படி p மதிப்புகளுக்குள் சமவாய்ப்பாக நடந்தால் ஏறத்தாழ √pஇன் அளவிலான படிகளில் ஓர் இடம் திரும்ப வரும். 53இன் வர்க்கமூலம் ஏழேகால். நமக்கு ஆறாவது ஒப்பீட்டில் கிடைத்தது. அவள் விடவில்லை. “இது சமவாய்ப்பே இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? பிறகு பிறந்தநாள் கணக்கு எப்படிப் பொருந்தும்?”

பொருந்துகிறது என்பதற்குச் சான்றுகள் ஏராளம். மிகப் புகழ்பெற்றது எட்டாம் ஃபெர்மா எண். 2²⁵⁶ + 1 என்ற அந்த 78 இலக்க எண் பகு எண் என்பது 1909இலேயே தெரியும். காரணி ஒன்றுகூடத் தெரியாமல் எழுபது ஆண்டுகள் கழிந்தன. 1980இல் ரிச்சர்டு பிரெண்டும் பொல்லார்டும் ரோ முறையால் 1238926361552897 என்ற காரணியைக் கண்டனர். யூனிவாக் 1100/42 கணினியில் இரண்டு மணி நேரம் பிடித்தது. இவ்வெண்ணின் எந்தப் பகாக் காரணியையும் 1024ஆல் வகுத்தால் மீதி 1 என்பது முன்பே தெரியும். ஆகவே வர்க்கத்துக்குப் பதிலாக x¹⁰²⁴ + 1 என்ற விதியைக் கையாண்டனர். இதில் ஒரு படிக்குப் பத்து வர்க்கங்கள் செலவாகும். ஆனால் பல மதிப்புகள் ஒரே இடத்தில் குவிவதால் படிகள் ஏறத்தாழ 32 மடங்கு குறையும் என்பது எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பும் பிறந்தநாள் கணக்கிலிருந்து வந்ததுதான்.

சான்று வேறு, நிரூபணம் வேறு. x² + 1 என்ற பல்லுறுப்புக்கோவை சமவாய்ப்புச் சார்பைப் போல நடந்துகொள்ளும் என்பதை இதுவரை எவரும் முழுமையாக நிரூபிக்கவில்லை. எரிக் பாக் 1991இல் நிரூபித்தது, எதிர்பார்க்கும் அளவோடு ஒப்பிடுகையில் மிகச் சிறிய வெற்றி வாய்ப்பை மட்டுமே. தனிமடக்கைச் சிக்கலுக்காகப் பொல்லார்டு அமைத்த சகோதர முறையின் நிலை வேறு. ஸ்டீபன் மில்லரும் இராமரத்தினம் வெங்கடேசனும் 2006இல் அங்கே வலுவான எல்லையை நிறுவினர். பிரசாத் தெத்தாலி உள்ளிட்டோர் அதை மேலும் செம்மைப்படுத்தினர். அங்கே ஒவ்வோர் அடியையும் தேர்ந்தெடுக்கும் பகுதியைச் சமவாய்ப்பாகக் கருத இடமுண்டு. நம் முறையில் விதி ஒரே ஒரு பல்லுறுப்புக்கோவை, தளர்த்துவதற்கு எதுவுமில்லை.

ஆகவே நான் தந்த பாதி விடை இதுதான். 53 × 61ஐப் பெருக்கிப் பார்த்தால் 3233 வருகிறது. அந்த விடை சரியென்பதற்குச் சமவாய்ப்பு குறித்த எந்த நம்பிக்கையும் தேவையில்லை. எவ்வளவு நேரம் பிடிக்கும் என்ற கூற்று மட்டுமே நம்பிக்கையின்மேல் நிற்கிறது. அந்தக் கூற்றை ஏற்றாலும் முறைக்கு எல்லை உண்டு. சிறிய காரணி இருபது இலக்கங்கள் கொண்டதாயின் சுமார் ஆயிரங்கோடி படிகள். இன்றைய கணினிக்கு இயலும். 2048 பிட் ஆர்.எஸ்.ஏ. எண்ணின் காரணிகள் முந்நூறு இலக்கங்களுக்கு மேற்பட்டவை. அங்கே ரோ பயனற்றது.

நம் துறைக் கட்டுரைகளிலும் ஆய்வேடுகளிலும் “இம்முறையின் கால அளவு √p” என்று ஒரே வரியில் எழுதிச் செல்வது வழக்கமாகிவிட்டது. என் ஆய்வேட்டில் அந்த வரியைத் தேற்றங்களின் வரிசையில் வைக்காமல், “பிறந்தநாள் கருதுகோளின்படி” என்ற சொற்களோடு தனியே வைத்திருக்கிறேன். அந்தச் சொற்கள் ஏன் என்று நெறியாளர் கேட்டால், முதலமடையில் கேட்கப்பட்ட கேள்வியை அப்படியே அவரிடம் சொல்வேன்.