பிரிவையும் எழுதிவைத்தோம்

பெண்களுக்கான அழகு நிலையம் தொடங்க, தோழியர் நாங்கள் இருவரும் 3 லட்சமும் 2 லட்சமுமாக முதலிட்டோம். கூடுதலாக இட்டவருக்கு மாதம் 8,000 ரூபாய் உறுதி என்றே முதலில் எழுதினோம். ஆலிம் ஒருவர் தடுத்தார்: இலாபமில்லாத மாதத்திலும் தொகை உறுதியெனில் அது கூட்டு வணிகமன்று, வட்டியின் சாயல்.

ஹனஃபி மத்ஹபின்படி திருத்தினோம். முடி திருத்துதலும் அலங்காரமும் குறைவாக முதலிட்டவர் பொறுப்பு. கணக்கும் கொள்முதலும் மற்றவர் பொறுப்பு. கைத்தொழிலின் பொருட்டு இலாபம் சரிபாதி. நட்டமோ முதலின் அளவுப்படி 60க்கு 40.

பிரிவை எழுத மனம் கூசியது, ஆயினும் எழுதினோம். விலகுபவர் மூன்று மாதம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். பொருள்களுக்கு வாங்கிய விலையன்று, அன்றைய விலையே கணக்கு. அதை மூன்றாமவர் மதிப்பிடுவார்.

இரண்டாம் ஆண்டில் கணவரின் பணியிட மாற்றத்தால், தொழில் செய்தவர் விலக நேர்ந்தது. நாற்காலிகளும் கருவிகளும் 1,80,000, கடை முன்பணம் 1,00,000, கையிருப்பு 20,000, கடன் இல்லை. மொத்தம் 3 லட்சத்தில் அவர் பங்கு 1,20,000. இட்டதைவிடக் குறைவுதான், சுவர் வேலைக்குச் செலவானது திரும்பாதல்லவா? ஆயினும் இருவரும் முன்பே ஒப்பிய கணக்காதலால் மனத்தாங்கல் எழவில்லை. பெருநாளன்று இன்றும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் செல்கிறோம், அல்ஹம்துலில்லாஹ்.