ஐநூறு பேர் என்ற எண்

பெரியம்மா மகள் அக்கா கள்ளக்குறிச்சியில் டியூஷன் எடுக்கிறார். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குக் கணக்கு. அந்தத் தேர்வின் 200 கேள்விகளில் 25 திறனறிப் பகுதியிலிருந்து வரும். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். வரலாறும் தமிழும் தானே படித்துக்கொள்ளும் பிள்ளைகள் விழுக்காடு, கூட்டு வட்டி, நேரமும் வேலையும் என்று வந்ததும் அக்காவைத் தேடி வருகிறார்கள். கல்வராயன் மலையிலிருந்து வருகிறவர்களுக்குச் சிக்கல் வேறு. வெள்ளிமலைப் பக்கம் போகும் பேருந்தைப் பிடிக்க வகுப்பு முடியும் முன்பே எழுந்து போக வேண்டும். ஆன்லைன் கோர்ஸ் யோசனை அங்கிருந்துதான் வந்தது.

அக்கா எனக்கு அனுப்பிய எக்செல் கோப்பில் நான்கே வரிகள் இருந்தன. ஸ்டுடியோவில் 30 மணி நேர வீடியோ, மணிக்கு 4,000 வீதம் 1,20,000 ரூபாய். பிளாட்பார்ம் வருடச் சந்தா 30,000. விளம்பரம் 50,000. மொத்தம் இரண்டு லட்சம். வரவுப் பக்கம் ஒரே வரி: 500 பேர், தலைக்கு 999 ரூபாய். பணம் நகைக்கடனில் வர இருந்தது.

"ஐநூறு பேர் வர மாட்டாங்களா தம்பி? டெலிகிராம் குரூப்லயே ஆயிரத்து இருநூறு பேர் இருக்காங்களே."

செலவு வரிகள் எல்லாம் யாரோ கொடுத்த விலைப்புள்ளிகள். ஐநூறு மட்டும் ஆசை. பட்ஜெட்டின் மற்ற எல்லாக் கட்டங்களும் அந்த ஒரு கட்டத்தில் தொங்குகின்றன. அதனால் வரிசையைத் திருப்பிப் போட்டோம்: முதலில் ஒரு மாணவரிடமிருந்து கைக்கு வருவது எவ்வளவு, அடுத்து போட்ட பணம் திரும்ப எத்தனை பேர் வேண்டும், கடைசியில் அத்தனை பேர் இருக்கிறார்களா.

கைக்கு வருவது எங்கே விற்கிறோம் என்பதைப் பொறுத்தது. சொந்தப் பக்கத்தில் விற்றால் பேமென்ட் கேட்வே வழக்கமாக 2 சதவீதம் எடுக்கும். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 2.36 சதவீதம். 999 ரூபாயில் ஏறக்குறைய 975 மிஞ்சும். யுடெமி போன்ற சந்தையில், மாணவரை நம்முடைய இணைப்பு வழியாக நாமே அழைத்து வந்தால் 97 சதவீதம் நமக்கு. அவர்களே தேடி வந்து வாங்கினால் 37 சதவீதம்தான். அங்கே தள்ளுபடி ஓயாமல் ஓடும். 499க்கு விற்றால் நமக்கு 185 ரூபாய்க்குள்தான் வரும். இரண்டு லட்சத்தை 975ஆல் வகுத்தால் 206 பேர். 185ஆல் வகுத்தால் ஆயிரத்தைத் தாண்டுகிறது. "கமிஷன்தானே" என்று கடந்துபோகும் வரி, தேவையான கூட்டத்தை ஐந்து மடங்காக்கிவிடுகிறது.

206 என்றதும் அக்காவுக்கு நிம்மதி. ஐநூறில் பாதிகூட இல்லையே. ஆனால் அந்த 206 பேர் எங்கே?

குரூப்பில் "கோர்ஸ் போட்டா யாருக்கு வேணும்?" என்று கேட்டார். ஒரே நாளில் 310 பேர் கை தூக்கினார்கள். கை தூக்குவதற்குச் செலவில்லை. அதனால் இரண்டாவது கேள்வியைக் காசோடு கேட்கச் சொன்னேன். ஆறு மணி நேரத்தில் ஒரு சிறிய கோர்ஸ், விழுக்காடும் வட்டியும் மட்டும், விலை 299. இப்போது 99 கட்டினால் இடம் உறுதி, மீதி தொடங்கும்போது. தொடங்காவிட்டால் முழுப் பணமும் திரும்பும். திருப்பிக் கொடுத்தாலும் கேட்வே எடுத்த கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. ஆளுக்கு இரண்டு ரூபாய் சொச்சம், அதை நாங்கள் ஏற்பதாக முடிவு. பத்து நாளில் பணம் கட்டியவர்கள் 41 பேர்.

ஸ்டுடியோவுக்கு முன்பணம் கொடுத்த பிறகு இந்த 41 தெரியவந்திருந்தால் நகை வங்கியிலேயே இருந்திருக்கும். முன்பே தெரிந்ததால் பட்ஜெட்டை அதன் அளவுக்குத் தைக்க முடிந்தது.

புதிய கணக்கு இது. எடிட்டிங், முடிந்த வீடியோவின் மணிக்கு 2,000 வீதம் ஆறு மணிக்கு 12,000. காலர் மைக்கும் போன் ஸ்டாண்டும் 3,500. பயிற்சித் தாள்களைத் தட்டச்சு செய்து வடிவமைக்க 2,000. பிளாட்பார்ம் மூன்று மாதத்துக்கு 4,500. மொத்தம் 22,000. 299இல் கைக்கு 292 வரும். 76 பேர் சேர்ந்தால் போட்ட பணம் திரும்பும்.

பிளாட்பார்மில் மாதம் 800க்கும் ஒரு திட்டம் இருந்தது. 1,500 திட்டத்தில் கூடுதலாக இருந்தது ஒன்றுதான்: செயலிக்குள் வீடியோவை இறக்கி வைத்து, சிக்னல் இல்லாதபோது பார்க்கும் வசதி. மாதம் 700 மிச்சம் என்று நான் அதை அடிக்கப் போனேன்.

"அத எடுத்துட்டா மலையில இருக்கற புள்ளைங்க எப்படிப் பாப்பாங்க? இதுங்களுக்காகத்தானே ஆரம்பிச்சோம்."

அந்த வரி நின்றது. இறக்கும் அளவையும் குறைக்க வேண்டியிருந்தது. 1080பி வீடியோ விநாடிக்கு 3 மெகாபிட் வேகத்தில் போனால் ஒரு மணி நேரத்துக்கு 1.35 ஜி.பி. கரும்பலகையில் எழுதும் கணக்குக்கு அத்தனை துல்லியம் வேண்டாம். எழுத்தைப் பெரிதாக எழுதி 480பியில் அரை மெகாபிட்டுக்கு இறக்கினால் 225 எம்.பி. போதும். ஆறு மணி நேரப் பாடம் ஒன்றரை ஜி.பி.க்குள் அடங்கும். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் காத்திருக்கும்போது இறக்கிக்கொண்டு மலையேறிவிடலாம். விலையும் மலையைப் பார்த்தே வைத்தது. மரவள்ளி பிடுங்கி விற்றால்தான் கையில் காசு புழங்கும் வீடுகளில் 99, பிறகு 200 என்பது 999ஐப் போல இல்லை.

முதல் சுற்றில் 83 பேர் சேர்ந்தார்கள். வரவு 24,236, செலவு 22,000, மிச்சம் 2,236 ரூபாய். லாபம் என்று சொல்லலாம், ஒரு வரியை மறைத்தால். ஆறு மணி நேரப் பாடத்துக்கு அக்கா 31 மணி நேரம் உழைத்திருந்தார்: தயாரிப்பு, மறுபதிவு, எடிட்டருக்குத் திருத்தம் சொல்வது. டியூஷனில் அவருக்கு மணிக்கு 200 கிடைக்கும். அதன்படி 6,200. அதைச் சேர்த்தால் நஷ்டம் ஏறக்குறைய 4,000. கோர்ஸ் போடுகிறவர்களின் பட்ஜெட்டில் அடிக்கடி காணாமல்போவது இந்த வரி. வீட்டு மனுஷியின் உழைப்புக்கு யாரும் பில் போடுவதில்லை.

அடுத்த சுற்றுக்கு வீடியோ, மைக், பயிற்சித் தாள் எதற்கும் புதிதாகச் செலவில்லை. பிளாட்பார்மின் 4,500 மட்டும். 16 பேர் போதும். இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலரும் "ஒருமுறை எடுத்தால் தூங்கும்போதும் காசு வரும்" என்கிறார்கள். ஆனால் குரூப்பில் வாங்கக்கூடியவர்கள் பெரும்பாலும் முதல் சுற்றிலேயே வாங்கிவிட்டார்கள். இனி வருகிறவர் அக்காவைத் தெரியாதவர். அவரை அழைத்துவர விளம்பரத்துக்கு ஆளுக்கு 150 ஆனால், 292இல் மிஞ்சுவது 142. அப்போது 32 பேர் வேண்டும். விளம்பரம் 292ஐத் தொட்டால் எத்தனை பேர் வந்தாலும் அந்த 4,500 திரும்பாது.

அதனால் இரண்டாம் சுற்றின் கோப்பில் ஐநூறு இல்லை. "விளம்பரம், ஆளுக்கு அதிகபட்சம்: 150. தாண்டினால் நிறுத்து" என்று ஒரு வரி இருக்கிறது. அதற்குக் கீழே அக்கா தானாகவே ஒரு வரி சேர்த்திருந்தார்: "என் கூலி, மணிக்கு 200."