டே ஆர்டரில் தெரியாத செவ்வாய்

என் கைபேசியில் ஏழு நினைவூட்டல்கள் இருக்கின்றன. அதில் நான்கு மற்றவர்களுக்கானவை. அத்தைக்குச் சர்க்கரை மாத்திரை, மகனுக்கு டியூஷன் கட்டணம், கேஸ் பதிவு, இரவில் பாலுக்கு உறை ஊற்றுவது. மீதி மூன்றுதான் எனக்கு. காலை 11.50க்கு ‘மூன்று வரி’. மாலை 5.10க்கு ‘8 தாள்’. வெள்ளிக்கிழமை 2.40க்கு ‘பதிவேடு, கிழமையோடு’. இந்த மூன்றையும் இந்தச் சொற்களில் எழுதி வைக்க எனக்குப் பன்னிரண்டு ஆண்டு ஆசிரியப் பணி தேவைப்பட்டது.

முன்பு ஒரே நினைவூட்டல்தான் வைத்திருந்தேன். அதிகாலை 4.30, ‘பாடம்’. மணி அடிக்கும், எழுந்துவிடுவேன். ஆனால் எங்கள் வீட்டில் 4.30க்கு எழும் பெண் எங்கே போவாள்? அடுப்பைப் பற்றவைத்தபடி புத்தகத்தைச் சமையல் மேடையில் விரித்து வைப்பேன். இட்லி வேகும் நேரத்தில் ஒரு பக்கம். அதற்குள் பால்காரர். வகுப்பில் நுழையும்போது பழைய குறிப்பேட்டைத்தான் திறக்க வேண்டியிருக்கும். பதினைந்து ஆண்டுக்கு முன் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது எழுதிய குறிப்புகள் அவை. என் சோம்பல் என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அவரும் ஆசிரியர்தான். அவர் 6 மணிக்கு எழுந்து 6.10க்கு மேசையில் உட்கார்ந்துவிடுவார். தேநீர் மேசைக்கு வரும்.

பாடத் தயாரிப்பை வீட்டிலிருந்து எடுத்துவிட்டேன். மூன்றாவது மணி முடிந்ததும் எனக்கு ஒரு ஓய்வு மணி உண்டு. துறை அறையில் உட்கார்ந்தால் பேச்சில் போய்விடும் என்பதால் நூலகத்தின் அகராதி அடுக்குப் பக்கம் போய்விடுகிறேன். அங்கே மூன்று வரி மட்டும் எழுதுவேன். வகுப்பு எந்த இடத்தில் நின்றது, எந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் மணி அடித்தது, நாளை முதல் சொல் எது. இதில் இரண்டாவது வரிதான் முக்கியம், அதுதான் முதலில் மறந்தும் போகும். அதனால் வகுப்பு முடிந்த அன்றே எழுதிவிட வேண்டும்.

ஒருநாள் புறநானூற்றில் 278ஆம் பாடலை நடத்திக்கொண்டிருந்தேன். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. மகன் புறமுதுகு காட்டினான் என்று கேள்விப்பட்டு அவன் உடலைப் போர்க்களத்தில் தேடிப் போகும் தாய். கடைசி இருக்கையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: “அம்மா, அவனப் போருக்கு அனுப்பும்போது அந்த அம்மாவ யாராச்சும் கேட்டாங்களா?” மணி அடித்துவிட்டது. பழைய பழக்கமாக இருந்தால் மறுநாள் திணை, துறை என்று ஆரம்பித்திருப்பேன், கேள்வி போயே போயிருக்கும். இரண்டாவது வரியில் அது இருந்ததால், அடுத்த பாடலை அதற்குப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். 279, ஒக்கூர் மாசாத்தியார். அங்கே தன் ஒரே மகனைக் களத்துக்கு அனுப்புகிறவளே தாய்தான். அந்தப் பெண்ணின் கேள்விக்கு அது விடையில்லை, கேள்வியை இன்னும் சிக்கலாக்கியது. ஆனால் அந்த மணி முழுவதும் வகுப்பில் யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. இதற்கு எனக்குச் செலவானது இருபது நிமிடம்.

விடைத்தாள் கதை வேறு. என் வகுப்பில் 62 பேர். அகமதிப்பீட்டுத் தேர்வு 50 மதிப்பெண்ணுக்கு. ஒரு தாளுக்கு ஏழு நிமிடம் என்றால் மொத்தம் ஏழு மணி நேரத்துக்கு மேல். ‘திருத்த வேண்டும்’ என்று நினைவூட்டல் வைத்தால் அந்த ஏழு மணி நேரமும் சேர்ந்து தலையில் ஏறும். கட்டு பையிலேயே ஊர் சுற்றும். கடைசியில் மதிப்பெண் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்திய இரவு, எல்லோரும் தூங்கிய பிறகு, ஒரே மூச்சில் திருத்துவேன். அப்படித் திருத்திய ஒரு கட்டில் அடுத்தடுத்து உட்கார்ந்த இரண்டு பெண்கள் ஒரே கைடைப் பார்த்து மனப்பாடம் செய்த விடையை எழுதியிருந்தார்கள். சொல்லுக்குச் சொல் ஒன்று. ஒன்பது மணி வாக்கில் வந்த தாளுக்கு 7, பதினொன்றரைக்கு வந்த தாளுக்கு 4. நான் கண்டுபிடிக்கவில்லை. 4 வாங்கியவள் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள், ஒன்றும் சொல்லாமல்.

அதன் பிறகுதான் ‘8 தாள்’. கல்லூரியிலேயே, மாலை 5.10க்கு, பேருந்துக்கு முந்திய ஒரு மணி நேரம். எட்டு நாளில் கட்டு முடியும். ஒன்பதாவது தாளை ஆசையாக இருந்தாலும் தொடமாட்டேன். பல நாள் பிரித்துத் திருத்தினால் அளவுகோல் நாளுக்கு நாள் நகரும் என்பது உண்மைதான். அதற்காகத் தினமும் தொடங்கும் முன் முந்தின நாள் தாளில் இரண்டை, மதிப்பெண்ணை மறைத்துக்கொண்டு மறுபடி படித்து மனதுக்குள் மதிப்பெண் போடுவேன். இரண்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அன்று என் மனம் சரியில்லை என்று பொருள். அன்றைக்கு இரு மதிப்பெண் கேள்விகளை மட்டும் திருத்துவேன்.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். வாரப் பதிவேட்டைச் சரிபார்ப்பது என்றால் எங்களில் பலருக்கும் அது துறைத்தலைவர் கையெழுத்துக்கான வேலை. பணிக்குறிப்பேட்டில் என்ன நடத்தத் திட்டமிட்டோமோ அதையே நடத்தியதாக எழுதி நீட்டுவோம். அவரும் பக்கத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். நானும் அப்படித்தான் இருந்தேன். நடத்தாததை ‘நடத்தவில்லை’ என்று எழுத ஆரம்பித்து மூன்று ஆண்டாகிறது, இதுவரை யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

வருகைப் பதிவேட்டையும் நான் மேலிருந்து கீழாகத்தான் பார்த்துவந்தேன். இன்று எத்தனை பேர், யார் இல்லை. எங்கள் கல்லூரியில் ஆறு நாள் டே ஆர்டர், வாரத்துக்கு ஐந்து வேலைநாள். இந்த வாரம் திங்கள் முதல் டே ஆர்டர் என்றால் அடுத்த வாரம் திங்கள் ஆறாவது. பதிவேட்டில் டே ஆர்டர்தான் எழுதுவோம். கால அட்டவணைக்கு அது வசதி. ஆனால் கிழமை அதற்குள் ஒளிந்துகொள்கிறது.

ஒரு பருவத்தில், ஆறாவது வாரத்து வெள்ளியன்று, தேதிகளைச் சரிபார்ப்பதற்காகக் கட்டங்களுக்கு மேல் கிழமையின் முதலெழுத்தைப் பென்சிலால் எழுதினேன். விடுமுறை குறுக்கிடாத ஆறு வாரம் அது. பிறகு வரிகளைக் குறுக்காகப் படித்தேன். ஒரு பெண்ணின் வரியில் நான்கு விடுப்பு. 1, 6, 4, 3 என்று நான்கு வெவ்வேறு டே ஆர்டர். பார்த்தால் இஷ்டத்துக்கு வருகிறவள் போலத் தெரியும். ஆனால் நான்கின் தலையிலும் ‘செ’. எனக்கு வகுப்பில்லாத மற்ற இரண்டு செவ்வாய்களில்? வகுப்பாசிரியரின் தொகுப்பேட்டைப் பார்த்தேன். அதிலும் இல்லை. ஆறு செவ்வாயும் இல்லை.

இரண்டு வாரம் முன்புதான் வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவளைக் கேட்டிருந்தேன்: “என்னம்மா, காலேஜ் உனக்குச் சத்திரமா?” வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள்.

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது உடனே சொல்லிவிட்டாள். செவ்வாய் அவர்கள் பக்கத்து ஊரில் சந்தை. அம்மா கருவாட்டுக் கடை போடுகிறார். மற்ற நாள் தெருத் தெருவாகப் போய்த் தனியாக விற்றுவிடுவார், சந்தையன்று எடை போட ஒருவர், காசு வாங்க ஒருவர் வேண்டும். அண்ணன் பாலிடெக்னிக். அவன் ஒரு நாளும் விடுப்பு எடுப்பதில்லை. “அவனுக்குப் படிப்பு கஷ்டம்மா. நமக்குத் தமிழ், வரலாறுதானே, வீட்லயே படிச்சுக்கலாம்னு அம்மா சொல்லுது.” சொல்லிவிட்டு, “நான் வாடையோட வர்றேனாம்மா?” என்று கேட்டாள்.

அடுத்த திங்களன்று அவள் அம்மா வந்தார். வாசலிலேயே நின்றார், நாற்காலியில் உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கல்வியின் அருமை பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. சந்தையில் மனக்கணக்குப் போடுகிற பெண்ணிடம் அது எதற்கு? ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். பருவத்துக்கு 90 வேலைநாள். 75 சதவீதத்துக்கு 68 நாள் வந்தாக வேண்டும், 22 நாள் வராமல் இருக்கலாம். குறைந்தால் அபராதம், அதற்கும் கீழே போனால் தேர்வெழுத முடியாது. ஆறு வாரத்தில் எட்டு நாள் போய்விட்டது: ஆறு செவ்வாய், ஒரு கல்யாணம், ஒரு நாள் வயிற்றுவலி. கையில் 14. இனி வரும் செவ்வாய் 12.

அவர் நான் கூட்டுவதற்கு முன்பே கழித்துவிட்டார். “அப்ப ரெண்டு நாள்தான் மிச்சமா டீச்சர்? மூணு மாசத்துக்கா?”

“ஆமாங்க.”

“மாசம் ஒரு நாளு எந்திரிக்கவே மாட்டா இவ. அதுக்கே மூணு ஆகிப்போகுமே.” மகளைத் திரும்பிப் பார்த்தார். “ஏன்டி, எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?” அவள் தரையைப் பார்த்தாள். எவ்வளவு மிச்சம் என்று அவளுக்கே தெரியாது. நாங்கள் யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. பருவ இறுதியில் பெயர்ப்பட்டியல் ஒட்டுவதுதான் வழக்கம்.

சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: “பெரியவனுக்கும் இதே மாதிரி இருவத்திரண்டு இருக்குமில்ல?”

“அவங்க காலேஜ் கணக்கு எனக்குத் தெரியாதுங்க. ஆனா அவனுக்கும் ஏதாச்சும் இருக்கும்.”

“அவன் ஒண்ணும் செலவழிக்கலையே.” தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

ஒரு செவ்வாய் அவன், ஒரு செவ்வாய் இவள் என்று ஏற்பாடானது. முதல் தடவை அவன் எடையில் ஏமாந்தான் என்று இவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். பருவ இறுதியில் இவள் 73 நாள் வந்திருந்தாள். தமிழில் 58 மதிப்பெண். இன்னும் நன்றாக எழுதியிருக்கலாம்.

இப்போது ஒவ்வொரு வெள்ளியும் பென்சிலால் கிழமை எழுதி, குறுக்காக ஒரு தடவை படிக்கிறேன். 62 வரிக்கு நாற்பது நிமிடம் பிடிக்கிறது. ஒவ்வொருவருக்கும் எத்தனை நாள் கையில் மிச்சம் என்று ஓரத்தில் எழுதி, திங்களன்று சத்தமாக வாசிக்காமல், ஏட்டை மேசையில் திறந்து வைத்துவிடுகிறேன். வந்து பார்த்துக்கொள்கிறார்கள். போன வெள்ளி, 41ஆம் வரியில் மூன்று ‘தி’ இருந்தது. அந்தப் பெண்ணை இன்னும் கூப்பிடவில்லை. நாளை ஓய்வு மணியில் நூலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.