உரைநடை முதலில், உட்பொருள் பிறகு

கடினமான செய்யுளைப் படித்தவுடன் "இதன் கருத்து என்ன?" என்று கேட்பது நம் வகுப்பறை வழக்கம். நான் அக்கேள்வியை மறுநாளைக்குத் தள்ளிவைத்துவிடுவேன். முதல் நாள் அடி அடியாக உரைநடையாக்கும் பணி மட்டுமே. காரணத்தைக் குறுந்தொகையின் 40ஆம் பாடலைக் கொண்டு விளக்குகிறேன். செம்புலப்பெயனீரார் பாடிய அப்பாடலுக்கு 5 அடிகளே உள்ளன.

முதற்படி, சொல் பிரித்தல். புலவரின் பெயரே நல்ல பயிற்சி. பாடலில் வரும் உவமையால் அமைந்த பெயர் அது. செம்மை, புலம், பெயல், நீர் எனப் பிரித்தால், செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் என்று விளங்கும்.

இரண்டாம் படி, சொற்பொருள். 'யாய்' என்பது என் தாய். 'ஞாய்' என்பது உன் தாய். இவை புதிய சொற்களாதலால் மாணவர்கள் அகராதியைத் தேடுவார்கள். தெரிந்த சொல்போல் தோன்றும் 'கேளிர்' என்பதில்தான் ஆபத்து. அதைக் 'கேளுங்கள்' என்று எழுதிவிடுவார்கள். இங்கே அதன் பொருள் உறவினர்.

மூன்றாம் படி, எழுவாயையும் பயனிலையையும் காணுதல். நான்காம் அடியிலுள்ள உவமை ஐந்தாம் அடியின் வினையோடு சேர்ந்தே முடிகிறது; ஆகவே அவ்விரண்டையும் ஒரே வாக்கியமாக்க வேண்டும். கலந்தவை எவை? "நாம் கலந்தோம்" என்று பலர் எழுதுவர். பாடலிலோ கலந்தவை நெஞ்சங்கள். காலமும் இறந்தகாலம், அது வேண்டுகோளன்று, நிகழ்ந்துவிட்ட செயல்.

இப்போது உரைநடை இவ்வாறு அமையும்: என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் என்ன உறவு? என் தந்தையும் உன் தந்தையும் எம்முறையில் உறவினர்? நானும் நீயும் எவ்வாறு ஒருவரையொருவர் அறிந்தோம்? (ஆயினும்) செம்மண்ணில் பெய்த மழைநீர்போல, அன்புடைய நம் நெஞ்சங்கள் தாமாகவே கலந்துவிட்டன.

'ஆயினும்' பாடலில் இல்லை. தொடர்பு விளங்க நாம் வருவித்த சொல். ஆதலால் அடைப்புக்குறிக்குள் இடச் சொல்கிறேன். இப்பழக்கம் வந்துவிட்டால் இன்னொன்றும் புலப்படும். "மண்ணையும் நீரையும் பிரிக்க முடியாது" என்பதை மாணவர்கள் பாடலின் வரியாகவே எழுதுகிறார்கள். பாடல் 'கலந்தன' என்பதோடு நின்றுவிடுகிறது. பிரிக்க இயலாமை நாம் உய்த்துணர்வது. அங்கேதான் விளக்கவுரை தொடங்குகிறது.

மறுநாள் அதற்குச் சான்று தேடுகிறோம். தலைவன் பிரிந்துவிடுவானோ என அஞ்சிய தலைவியிடம் அவன் கூறியது என்கிறது பாடலின் துறைக்குறிப்பு. அச்சத்திற்கு விடையாக உவமை அமைவதை மாணவரே கண்டுகொள்வர். ஆனால், உரைநடை மட்டும் இதைத் தந்துவிடாது.

பெற்றோர்களே, வீட்டில் பிள்ளை கருத்துரையை ஒப்புவித்தால், "இது எந்த அடியில், எந்தச் சொல்லில் இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். விரல் வைத்துக் காட்ட முடிந்தால் அது பொழிப்புரை, முடியாவிட்டால் விளக்கம். விளக்கம் எழுதுவதில் தவறில்லை, அதற்குரிய காரணத்தையும் பிள்ளை சொல்ல வேண்டும்.