திருவொற்றியூர் எங்கே போனது?



போன வாரம் ராயபுரத்திலிருந்து பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "சார், நீங்க அனுப்பின ஆண்டு மலர்ல எங்க தாத்தா பேரைத் தேடினேன். திருவொற்றியூர்னு போட்டா ஒண்ணுமே வரலையே?"

அது 1960களில் அச்சான பள்ளி மலர். கடைசிப் பக்கங்களில் கட்டட நிதி கொடுத்தவர்களின் பெயரும் ஊரும் இருக்கும். 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து, கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தேன். படம் எழுத்தாகிவிட்டது. மேலோட்டமாகப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் அனுப்பினேன். தப்பு என்னுடையதுதான்.

மூலப் பக்கத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். தாத்தா இருந்தார். ஆனால் ஊர் 'திருவெரற்றியூர்' என்று ஆகியிருந்தது. 'வொ' என்ற எழுத்தில் பின்னால் வரும் காலும் 'ர'வும் பார்வைக்கு ஒன்றுபோல. 'ர'வுக்குக் கீழே ஒரு சாய்ந்த வால் உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். தேய்ந்த அச்சில் அதைக் கண்டுபிடிக்கக் கணினி திணறுகிறது. இந்தப் பிழை கண்ணை உறுத்தும், 'வெர' என்று தேடினாலே அகப்படும்.

அடுத்த பக்கத்தில்தான் எனக்குத் திக்கென்றது. அங்கே மை சரியாகப் படாமல் கால் விழுந்தே போய், மூன்று பேருடைய ஊர் 'திருவெற்றியூர்' என்று வந்திருந்தது. அப்படி ஓர் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில் நிஜமாகவே இருக்கிறது, பாகம்பிரியாள் கோயில் உள்ள ஊர். எந்தப் பிழைதிருத்தியும் இதைத் தப்பு என்று சொல்லாது. நம்ம ஊர்க்காரர் மூன்று பேரைத் தெற்கே குடியேற்றிவிட்டேன்!

இன்னொன்று 'கௌரவத் தலைவர்'. கணினி 'கெளரவ' என்று, 'கெ'வும் 'ள'வுமாகப் பிரித்து எழுதியிருந்தது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, தேடினால் மட்டும் அகப்படாது. 'ெள' வரும் இடத்தையெல்லாம் ஒரே சொடுக்கில் 'ௌ' ஆக்கிவிடலாம் என்று நினைத்தேன். செய்து பார்த்தால் வெள்ளமும் வெளியும் கெளுத்தி மீனும் சேர்ந்து உடைந்தன. உடனே பழையபடி ஆக்கிவிட்டு, 'கெள', 'பெள', 'மெள' என்று தனித்தனியாகத் தேடி, ஒவ்வொன்றாகப் படித்து மாற்றினேன்.

கட்டுரைப் பகுதியில் தப்பு விழுந்தால் வாக்கியம் காட்டிக்கொடுத்துவிடும். பெயர்ப் பட்டியலில் அந்த உதவி கிடையாது. அதனால் இந்த முறை மூலத்தை நான் எழுத்துக்கூட்டி வாசிக்க, என் மனைவி திரையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான்கு பக்கத்துக்கு ஒரு மாலை ஆனது. தமிழ் விக்கிமூலத்திலும் ஒருவர் திருத்திய பக்கம் மஞ்சளாகத்தான் நிற்கும், வேறொருவர் சரிபார்த்த பிறகே பச்சையாகும். அந்த விதி எதற்கு என்று இப்போது புரிகிறது.

திருத்திய பிரதியை இன்று அனுப்புகிறேன், ஸ்கேன் படத்தையும் சேர்த்தே. பழைய பிரதியை அழித்துவிடுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் பெயர் பட்டியலில் இருந்தால், படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து ஒரு வரி எழுதுங்கள். அந்தப் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.